தீப்புண்ணும் வெட்டுக்காயமும்: கையில் கிடைப்பதில் எதை எடுப்பது?

கஞ்சி வடிக்கும்போது பானை சரிந்து கையில் கொட்டிவிட்டால், வீட்டில் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். மாமியார் இட்லி மாவு, பிள்ளை டூத்பேஸ்ட், பக்கத்து வீட்டு அக்கா ஐஸ்கட்டி, யாராவது ஒருவர் பேனா மை. எல்லாரும் நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனால் அந்தப் புண் எவ்வளவு ஆழமாகப் போகும் என்பது முதல் அரை மணி நேரத்தில் அதன் மேல் என்ன படுகிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது.

எங்கள் குடியிருப்பின் மகளிர் குழுவுக்காகச் சிறிய தீப்புண், வெட்டுக்காயம் பற்றி ஒரு கேரசல் வேண்டும் என்றார்கள். போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்போமே, அந்த அட்டைத் தொகுப்பு. மருத்துவமனையில் கட்டுப் போடும் அறையில் வேலை பார்த்த நர்ஸ் என்பதால் அது என் தலையில் விழுந்தது. ஓர் அட்டையில் நாலு வரிக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கிற வழிகளில் ஒன்றைத்தான் எழுத முடியும், மற்றதையெல்லாம் விட்டுவிட வேண்டும். எதை எடுத்தேன், எதை ஏன் விட்டேன் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில், இரண்டையும் ஒரே தொகுப்பில் போடுவதா, தனித்தனியாகப் போடுவதா? ஒன்றாகப் போட்டால் பார்க்க வசதிதான். ஆனால் இரண்டுக்கும் முதல் வேலை நேர் எதிர். சுட்டுக்கொண்டால் உடனே தண்ணீர். வெட்டிக்கொண்டால் முதலில் அழுத்தம், ரத்தம் நின்ற பிறகுதான் தண்ணீர். பதற்றத்தில் அரைகுறையாகப் படிக்கிறவர் இதை மாற்றிப் போட்டுக்கொள்வார். அதனால் தனித்தனியாகவே போட்டேன்.

சுட்டதும் எதை வைப்பது

கஞ்சி கொட்டியதும் கையை உதறிவிட்டால் சூடு போய்விட்டது என்று நினைக்கிறோம். போகாது. தோலின் வெப்பம் ஏறத்தாழ 44 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும்வரை திசு சேதமாகிக்கொண்டே இருக்கும். கொதிக்கிற கஞ்சி 100 டிகிரியை ஒட்டி இருக்கும். வெந்நீர் வழிந்து ஓடிவிடும், கஞ்சி பசையாக ஒட்டிக்கொண்டு சூட்டை அங்கேயே பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் அதே அளவு வெந்நீரைவிடக் கஞ்சி பட்ட புண் ஆழமாகப் போகிறது. ஆக, முதல் கட்டத்தில் எந்தப் பொருளையும் ஒரே ஒரு கேள்வியால் எடைபோடலாம்: உள்ளே போன சூட்டை அது வெளியே எடுக்குமா?

டூத்பேஸ்ட் எடுக்காது. புதினா எண்ணெய் நரம்பைத் தூண்டிக் குளிர்ச்சியாக இருப்பதுபோல் உணர வைக்கும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெயும் வெண்ணெயும் சூட்டுக்கு மேல் ஒரு மூடி போட்ட மாதிரி. பேனா மை சூட்டையும் எடுக்காது, தோலின் நிறத்தையும் மறைத்துவிடும். தோல் சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் டாக்டர் ஆழத்தைக் கணிப்பார். நீல மை பூசிய கையில் அவர் எதைப் பார்ப்பது?

இட்லி மாவுக்கு ஒரு நியாயம் உண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாவு கொஞ்சம் சூட்டை இழுக்கத்தான் செய்யும். ஆனால் சில நிமிடத்தில் அதுவே சூடாகி, பிறகு காய்ந்து ஓடு மாதிரி இறுகிவிடும். கட்டுப் போடும் அறையில் அதை உப்பு நீரில் ஊற வைத்து, காஸ் துணியால் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல எடுப்போம். எவ்வளவு பொறுமையாக எடுத்தாலும் கொப்புளத்தின் மேல்தோல் மாவோடு சேர்ந்து வந்துவிடும். அந்த மேல்தோல்தான் அதுவரை கிருமிக்குத் தடுப்பாக இருந்தது. புளித்த மாவு என்பதால் அதிலேயே ஏகப்பட்ட நுண்ணுயிர்கள் வேறு. நல்லெண்ணத்தோடு வைத்ததால் வந்த இரண்டாவது காயம் அது.

ஐஸ் சூட்டை எடுக்கும், சந்தேகமில்லை. சிக்கல் என்னவென்றால் அளவுக்கு மீறி எடுத்துவிடும். ஏற்கெனவே அடிபட்ட இடத்தில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த ஓட்டம் குறையும். பிழைத்திருக்க வேண்டிய திசுவும் சேர்ந்து செத்துப்போகும். சிறு குழந்தையாக இருந்தால் உடம்பே குளிர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு.

மிச்சம் இருப்பது குழாய்த் தண்ணீர். ஓடுகிற தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டே போகிறது, தான் சூடாகித் தேங்குவதில்லை. எவ்வளவு நேரம் காட்டுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அரை நிமிடம் காட்டிவிட்டு எரிச்சல் குறைந்ததும் கையை எடுத்துவிடுவார்கள். 20 நிமிடம் காட்ட வேண்டும். போனில் டைமர் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் சுட்ட கையோடு நிற்கும்போது ஐந்து நிமிடமே அரை மணி நேரமாகத் தெரியும். உடனே செய்ய முடியாமல் போனாலும் சுட்டு 3 மணி நேரத்துக்குள் காட்டினால் பலன் உண்டு. ஆகவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவர்கள்கூட, உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில், முதலில் இதை முடித்துவிட்டுக் கிளம்பலாம்.

இங்கே நம் ஊர் சங்கதி ஒன்று உண்டு. மே மாதம் மதியம் ஒரு மணிக்குக் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வரும். அதைச் சுட்ட கையில் விட்டால் காரியம் கெட்டது. முதலில் நல்ல கையில் விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளியலறை பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீரை மக்கால் மெல்லிசாக ஊற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் குடிதண்ணீர் கேன். நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் என்ற கணக்கில் மெல்லிய தாரை போதும், 20 நிமிடத்துக்கு 30 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு பக்கெட். தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் கீழே ஒரு டப்பை வைத்துப் பிடித்துச் செடிக்கு ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் சூடேறிய அதே தண்ணீரைத் திரும்பக் கையில் ஊற்ற வேண்டாம்.

சரி, கஞ்சி கொட்டிய அந்தக் கையை வைத்தே முழுதாகப் பார்த்துவிடுவோம். வலது மணிக்கட்டும் புறங்கையும் பட்டிருக்கின்றன, கையில் வளையலும் மோதிரமும் இருக்கின்றன. அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் தண்ணீரில் காட்டிய உடனே அவற்றைக் கழற்ற வேண்டும். இன்னும் ஒரு மணி நேரத்தில் கை வீங்கிவிடும், அப்புறம் வளையல் இறங்காது, மோதிரம் விரலின் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். இறங்க மறுத்தால் கொஞ்சம் சோப்பு போட்டு இறக்கலாம். மேலே ரவிக்கைத் துணி நனைந்திருந்தால் அதையும் விலக்குங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் அப்படியே விட்டு, அதன் மேலேயே தண்ணீர் விடுங்கள். 20 நிமிடம் ஆனதும் கையைத் தூக்கிப் பார்க்கிறோம். இடம் இளஞ்சிவப்பு, மணிக்கட்டு ஓரத்தில் ஒரு கொப்புளம், தொட்டால் நன்றாக வலிக்கிறது. வலி அதிகமாக இருந்தால் பாராசிட்டமால் போதும்.

இந்தக் கட்டத்தின் அட்டையை இப்படி எழுதினேன்:

> அடுப்பை அணை. உடனே குளிர்ந்த தண்ணீர், 20 நிமிடம், டைமர் வைத்து.
> வளையல், மோதிரம், கடிகாரம் கழற்று.
> ஐஸ், பேஸ்ட், மாவு, மை, எண்ணெய் வேண்டாம்.

குளிர வைத்த பிறகு எதைப் பூசுவது, எதைச் சுற்றுவது

பலரது வீட்டு மருந்துப் பெட்டியில் வெள்ளை நிறத் தீப்புண் களிம்பு ஒன்று இருக்கும். சில்வர் சல்ஃபாடயசின் என்ற மருந்து அது. பல காலமாகத் தீப்புண் என்றாலே அதுதான். ஆனால் சிறிய, ஆழமில்லாத புண்ணுக்கு வீட்டிலேயே அதைப் பூசச் சொல்லி நான் எழுதவில்லை. மற்ற கட்டுகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் அது புண் ஆறுவதைத் தாமதப்படுத்துவதாகவே பெரும்பாலும் தெரிய வந்திருக்கிறது. பூசினால் மேலே வெள்ளையாகப் படலம் கட்டும், புண்ணைப் பார்த்து ஆழம் சொல்ல முடியாது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருப்பவர்களுக்கும், பிறந்த குழந்தைக்கும் அது கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் போடுங்கள், தானாக வேண்டாம்.

கொப்புளம் இல்லாமல் வெறுமனே சிவந்த தோல் என்றால், முழுதாகக் குளிர்ந்த பிறகு பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாகத் தடவினால் போதும். கொப்புளம் இருந்தால் அதை உடைக்காமல் மூட வேண்டும். மூடுவதற்குப் பஞ்சு வேண்டாம், இழை இழையாக ஒட்டிக்கொள்ளும். மருந்துக் கடையில் பாராஃபின் காஸ் என்று கேட்டால் எண்ணெய்ப் பிசுக்கோடு வலைத்துணி கொடுப்பார்கள், எடுக்கும்போது ஒட்டாது. அதை வைத்து மேலே சாதாரண காஸ் வைத்துத் தளர்வாகச் சுற்றினால் நன்றாக இருக்கும். ராத்திரி நேரத்தில் எதுவும் கிடைக்கவில்லையா, துவைத்துக் காய வைத்த பழைய வேட்டித் துணி ஒன்று போதும். சமையலறையில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருந்தால் முதல் சுற்றைத் தள்ளிவிட்டு உள்ளே இருப்பதை எடுத்து மேலே பரப்பலாம். பரப்பத்தான் வேண்டும், கையைச் சுற்றி இறுக்கக் கூடாது.

வாழை இலை பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பார்கள். மருத்துவமனைகளில் தீப்புண்ணுக்கு வாழை இலைக் கட்டுப் பயன்படுத்தியது உண்மைதான். அது கிருமி நீக்கிப் பதப்படுத்திய இலை. கொல்லையில் அறுத்துத் துடைத்த இலை அல்ல.

வலியை நம்பலாமா

எப்போது டாக்டரிடம் போவது என்பதற்கு வீடுகளில் இருக்கும் அளவுகோல் வலிதான். ரொம்ப வலித்தால் போவது, வலி இல்லாவிட்டால் இருந்துவிடுவது. தீப்புண்ணில் இதைப் போல ஏமாற்றும் அளவுகோல் வேறு இல்லை. மேலோட்டமான புண்ணில் நரம்பு நுனிகள் உயிரோடு இருக்கின்றன, அதனால் துடிக்கும். ஆழமான புண்ணில் நரம்பு நுனியே வெந்துபோயிருக்கும். தோல் வெளுத்தோ, பழுப்பாகத் தோல்செருப்பு மாதிரி இறுகியோ, கருகியோ இருந்து, தொட்டால் உணர்வு மங்கலாக இருந்தால் அதுதான் அவசரம்.

வலிக்குப் பதிலாக மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறேன்: இடம், அளவு, ஆள். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் கொப்புளம் கண்டால் சிறியதாக இருந்தாலும் காட்ட வேண்டும், ஏனென்றால் அங்கே தழும்பு இழுத்துக்கொண்டால் உறுப்பின் வேலையே கெடும். கையையோ காலையோ வளையமாகச் சுற்றி வந்த புண்ணும் அப்படியே. அளவுக்கு, காயம்பட்டவருடைய உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து வைத்துப் பாருங்கள், அது அவர் உடம்புத் தோலில் ஏறத்தாழ ஒரு சதவீதம். அதைவிடப் பெரிதாக இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். குழந்தை என்றால் குழந்தையின் கையை வைத்துத்தான் அளக்க வேண்டும், நம் கையை வைத்து அல்ல. பச்சைக் குழந்தை, முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி என்றால் அளவு பார்க்காமலே காட்டிவிடலாம்.

மின்சாரம் தாக்கியதும் ஆசிட் பட்டதும் சிறு தீப்புண் கணக்கிலேயே வராது. மின்சாரம் தோலில் ஒரு புள்ளியை மட்டும் விட்டுவிட்டு உள்ளே தசையையும் இதயத் துடிப்பையும் கெடுத்திருக்கலாம். ஆசிட் பட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், விட்டுக்கொண்டே 108-க்குப் போன் போட வேண்டும். சென்னையில் பெரிய தீக்காயங்களைப் பார்ப்பதற்கென்று கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தனிப் பிரிவு இருக்கிறது.

நம் கஞ்சிக் கைக்கு வருவோம். அளவு உள்ளங்கைக்குள் அடங்குகிறது, நிறமும் உணர்வும் நன்றாக இருக்கின்றன. ஆனால் இடம் மணிக்கட்டு, கொப்புளமும் இருக்கிறது. ஆகவே இது 108 கேஸ் இல்லை, வீட்டோடு முடிகிற கேஸும் இல்லை. மூடிக் கட்டிக்கொண்டு அன்றைக்கே ஒரு டாக்டரிடம் காட்டுவதுதான் சரி. இரண்டு வாரத்தில் மூடாத எந்தப் புண்ணும் தழும்பாக வாய்ப்பு அதிகம் என்பதால், ஆறிவிடும் ஆறிவிடும் என்று அதற்கு மேல் காத்திருக்கவும் கூடாது.

வெட்டிக்கொண்டால்

அரிவாள்மனையில் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது ஆள்காட்டி விரலில் கீறிவிட்டது என்று வையுங்கள். கை தானாகக் குழாயடிக்குப் போகும். ரத்தம் கழுவக் கழுவ வந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் உறையத் தொடங்கிய ரத்தத்தைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. காப்பித்தூள் டப்பாவை யாராவது எடுத்து வருவார்கள். காப்பித்தூள் அடைத்துக்கொண்டு ரத்தம் நிற்கிற மாதிரித் தெரியும். உண்மையில் வேலை செய்வது அதை வைத்து அழுத்துகிற விரல்தான். தூள் காயத்துக்குள் போய்க் கட்டியாகிவிடும், தையல் போடுவதற்கு முன் ஒவ்வொரு துகளாகக் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். மஞ்சள்தூளும் அப்படித்தான். மஞ்சளின் குணத்தைப் பற்றி நான் சண்டை போட வரவில்லை, கடையில் வாங்கிய தூள் சுத்தமானது என்று யாரும் உறுதி தர முடியாது என்பதுதான் என் கவலை.

சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள், கையை மார்புக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கிற பழக்கம்தான் எல்லாவற்றையும் கெடுப்பது. எடுத்தால் உறைந்தது பிய்ந்துவிடும், கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். 10 நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பீறிட்டு அடித்தால் காத்திருக்கவே வேண்டாம், 108. கண்ணாடித் துண்டோ கம்பியோ உள்ளே குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம், அதன் இரண்டு பக்கமும் அழுத்துங்கள்.

ரத்தம் நின்ற பிறகு கழுவலாம். இங்கேதான் எதால் கழுவுவது என்ற போட்டி. ஸ்பிரிட், நுரை பொங்குகிற ஹைட்ரஜன் பெராக்சைடு, தண்ணீர் கலக்காத ஆன்டிசெப்டிக் திரவம் எல்லாம் எரிச்சல் கொடுப்பதால் வேலை செய்வதாக நமக்கு ஒரு நம்பிக்கை. கிருமியோடு சேர்த்து ஆறுவதற்காக வந்த செல்களையும் அவை கொல்கின்றன. குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரில் கழுவியவர்களுக்கு, உப்பு நீரில் கழுவியவர்களைவிடக் கிருமித் தொற்று அதிகமில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. காயத்துக்குள் ஓடும் தண்ணீர், சுற்றிலும் சோப்பு, மண்ணும் செதிலும் போகும்வரை சில நிமிடம். மீன் கத்திக் காயம் மாதிரி அழுக்கானதற்குப் போவிடோன் அயோடின் ஒரு தடவை தடவலாம், தினமும் வேண்டாம்.

அப்புறம் மூடுவதா, காற்றாட விடுவதா? காற்றாட விட்டால் சீக்கிரம் காயும் என்பது சரி, ஆனால் காய்வது வேறு, ஆறுவது வேறு. 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர், பன்றிகளின் தோலில், ஈரம் காயாமல் மூடி வைத்த காயத்தில் புதுத்தோல் வேகமாக வளர்வதைக் காட்டினார். பொருக்கு கட்டிவிட்டால் புதுத்தோல் அதற்கு அடியில் சுற்றி வளைத்துப் போக வேண்டும். ஆகவே மூடுவதே என் தேர்வு. பிளாஸ்திரியைத் தினமும் ஒருமுறையும், நனைந்தால் உடனேயும் மாற்ற வேண்டும். சமையலறையில் வேலை செய்கிறவர்கள் நனைந்த பிளாஸ்திரியோடே ஒரு நாள் முழுக்க இருப்பார்கள், சீழ் பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

தையல் வேண்டுமா என்று தெரிந்துகொள்ள, ரத்தம் நின்றதும் விளிம்புகளைப் பாருங்கள். தானாகச் சேர்ந்து நின்றால் பிளாஸ்திரி போதும். வாய் பிளந்து நின்றாலோ, உள்ளே மஞ்சளாகக் கொழுப்புத் தெரிந்தாலோ, மூட்டின் மேல் இருந்தாலோ, முகத்தில் இருந்தாலோ தையல் தேவைப்படலாம். 6 முதல் 8 மணி நேரத்துக்குள் போவது நல்லது. காலையில் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் கிருமி நுழைந்த காயத்தைத் தைக்கத் தயங்குவார்கள்.

விரல் காயத்துக்கு இன்னொரு சோதனை உண்டு, பலருக்குத் தெரியாது. விரலை மடக்கி நீட்டிப் பாருங்கள், ஒவ்வொரு கணுவாக. அப்புறம் நுனியின் இரண்டு ஓரத்திலும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள். காயம் அரை அங்குலமாகத்தான் இருக்கும். ஆனால் நுனிக்கணு மடங்கவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கிறது, ஓர் ஓரம் மரத்திருந்தால் நரம்பு அறுந்திருக்கிறது. சின்னக் காயம்தானே என்று விட்டுவிட்டால் அந்த விரல் பிறகு மடங்கவே மடங்காது. இதற்கு மட்டும் ஒரு தனி அட்டை ஒதுக்கினேன்.

> ரத்தம் நின்றதும் விரலை மடக்கு, நீட்டு.
> நுனியின் இரண்டு ஓரத்தையும் தொடு.
> மடங்காவிட்டாலும் மரத்திருந்தாலும் இன்றைக்கே ஆஸ்பத்திரி.

செப்டிக் ஊசியைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. ஆணி கீறினால்கூட ஓடிப்போய்ப் போடுகிறவர்கள் ஒரு கட்சி, பள்ளிக்கூடத்தில் போட்டதோடு சரி என்பவர்கள் இன்னொரு கட்சி. பழைய டி.டி.க்குப் பதில் இப்போது டெட்டனஸோடு டிப்தீரியாவுக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். சிறுவயதுத் தடுப்பூசிகளை முழுதாகப் போட்டவருக்குச் சுத்தமான சிறு காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் மட்டும் போட வேண்டும். மண், சாணம், மீன், துரு என்று அழுக்கான காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் 5 வருடக் கணக்கு. கடைசியாக எப்போது போட்டோம் என்றே நினைவில்லாதவர்கள் போட்டுக்கொள்வதே நல்லது. தேதியைப் போனில் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை இந்தக் குழப்பம் இருக்காது.

ஊசி போட்டாலும் சீழைத் தடுக்காது, அது வேறு கிருமி. இரண்டாம் மூன்றாம் நாளில் சிவப்பு பரவிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் சிவப்பின் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டு, சில மணி நேரம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்கலாம். தாண்டியிருந்தாலும், விண்விண்ணென்று தெறித்தாலும், சீழ் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், கையிலிருந்து மேலே செவ்வரி ஓடினாலும் டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை நோயாளியின் காலில் வந்த காயத்துக்கு இவ்வளவெல்லாம் காத்திருக்க வேண்டாம், முதல் நாளே காட்டுங்கள்.

வெட்டுக்காயத் தொகுப்பின் கடைசி அட்டையில் நாயையும் பூனையையும் குரங்கையும் போட்டேன். கடியோ, பிறாண்டலோ, பார்க்கச் சின்னக் கீறலாக இருக்கும். அதைச் சிறு காயம் என்று எண்ணிப் பிளாஸ்திரி ஒட்டிவிடக் கூடாது. சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், இறுக்கிக் கட்டாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. வளர்ப்பு நாய்தான், தெரிந்த நாய்தான் என்ற சமாதானமெல்லாம் இங்கே செல்லாது. அடுத்தடுத்த ஊசிகளுக்கு எந்தெந்தத் தேதியில் வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், அதில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்.